மூலதனச் சந்தைக் கோடு: பங்குக்கு எவ்வளவு, திறைசேரி உண்டியலுக்கு எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலதனச் சந்தைக் கோடு என்றால் என்ன, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு வரைபை நினைத்துக்கொள்ளுங்கள். கிடையச்சில் இடர், அதாவது வருடாந்த வருவாயின் நியம விலகல். நிலைக்குத்து அச்சில் எதிர்பார்க்கும் வருவாய். இடரே இல்லாத திறைசேரி உண்டியல் நிலைக்குத்து அச்சிலேயே ஒரு புள்ளி. பங்குச் சந்தை முழுவதையும் ஒரே பொதியாக வாங்கினால் அது வலப்பக்கம் மேலே இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைக்கும் நேர்கோடுதான் இது. காசை இரண்டுக்கும் எந்த விகிதத்தில் பிரித்தாலும் அந்தக் கோட்டின் மேல் எங்கோ ஓரிடத்தில் நிற்பீர்கள்.

கோட்டின் படித்திறன், ஒரு அலகு இடருக்குச் சந்தை எவ்வளவு கூலி தருகிறது என்பதைக் காட்டுகிறது. 1958-ல் ஜேம்ஸ் டோபின் காட்டிய முக்கியமான விடயம் ஒன்று இதற்குள் இருக்கிறது: பயந்தவரும் துணிந்தவரும் வைத்திருக்க வேண்டிய பங்குப் பொதி ஒன்றேதான். அதில் எவ்வளவு, உண்டியலில் எவ்வளவு என்பதில் மட்டுமே அவர்கள் வேறுபடுகிறார்கள்.

என்னிடம் 50 இலட்சம் இருக்கிறது. மோசமான வருடத்தில்கூட 5 இலட்சத்துக்கு மேல் போகக்கூடாது. எப்படிப் பிரிப்பது?

முதலில் மூன்று எண்கள் வேண்டும். கணக்கு விளங்குவதற்காக இப்படி எடுத்துக்கொள்வோம்: 364 நாள் உண்டியல் 8%, சந்தைப் பொதியில் எதிர்பார்க்கும் வருவாய் 17%, அதன் நியம விலகல் 24%. பங்கு தரும் மேலதிக வருவாய் 9%. படித்திறன் 9 ÷ 24 = 0.375.

"மோசமான வருடம்" என்பதை 20 வருடத்தில் ஒன்று என்று வைத்தால், செவ்வன் பரம்பலின்படி அது சராசரிக்குக் கீழே 1.65 நியம விலகல். 5 இலட்சம் என்பது உங்கள் காசில் 10%. ஆகவே கோட்டின் மேல் எந்த இடத்தில் நின்றால் மோசமான வருடத்து விளைவு சரியாக −10% ஆகும் என்பதுதான் கேள்வி. கலவையின் நியம விலகலை s என்றால்:

```
8 + 0.375s − 1.65s = −10
1.275s = 18
s = 14.12
```

சந்தைப் பொதியின் நியம விலகல் 24 என்பதால், பங்குப் பொதிக்குப் போக வேண்டிய விகிதம் 14.12 ÷ 24 = 58.8%. அதாவது 29.4 இலட்சம் பங்குப் பொதியில், 20.6 இலட்சம் உண்டியலில். எதிர்பார்க்கும் வருவாய் 8 + 0.588 × 9, கிட்டத்தட்ட 13.3%.

உண்டியலை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது கழிவு விலையில் விற்கப்படுகிறது. 8% விளைவு வீதத்தில் 100 ரூபாய் முகப்பெறுமதியுள்ள 364 நாள் உண்டியலின் விலை 92.61 ரூபாய். 20.6 இலட்சத்துக்கு ஏறக்குறைய 22.24 இலட்சம் முகப்பெறுமதி கிடைக்கும். 7.39 ரூபாய் கழிவைப் பார்த்து "வட்டி 7.39%தானே" என்று கணக்கில் போடுகிறவர்கள் உண்டு. போட்ட காசு 92.61 என்பதால் கழிவை வகுக்க வேண்டியது 92.61 ஆல்.

எல்லா இடத்திலும் A என்று ஒரு எண் வருகிறது. என்னுடைய A-யை எப்படிக் கண்டுபிடிப்பது?

A என்பது இடர் வெறுப்புக் குணகம். சூத்திரம் சிறியது:

```
y = (E(Rm) − Rf) / (A × σ²)
```

y என்பது பங்குப் பொதிக்குப் போகும் விகிதம், E(Rm) சந்தைப் பொதியில் எதிர்பார்க்கும் வருவாய், Rf உண்டியல் வீதம், σ சந்தைப் பொதியின் நியம விலகல். A கூடக்கூட y குறையும். ஆனால் யாரிடமாவது போய் "உங்கள் A எவ்வளவு?" என்று கேட்டால் பதில் வராது. வினாக்கொத்தில் 1 முதல் 10 வரை ஒரு எண்ணை வட்டமிட வைத்து அதையே A ஆகப் போடுவதும் பிழை. அந்த வட்டமிட்ட எண்ணுக்கும் இந்தச் சூத்திரத்தின் அளவுகோலுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

பதில் சொல்லக்கூடிய கேள்வியிலிருந்து பின்னோக்கி வருவதே நல்ல வழி. மேலே "5 இலட்சத்துக்கு மேல் போகக்கூடாது" என்ற பதில் 58.8% என்று முடிந்தது. அதைத் திருப்பிப் போடுங்கள்: A = 0.09 ÷ (0.588 × 0.0576) = 2.66. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சந்தையும் வட்டி வீதமும் வழமையான நிலையில் இருக்கும் ஒரு நாளில், நிதானமாக இருக்கும்போது இதைச் செய்ய வேண்டும். சந்தை சரிந்துகொண்டிருக்கும் கிழமையில் கேட்டால் வருவது அந்தக் கிழமைப் பயத்தின் A.

உண்டியல் வட்டி 8-லிருந்து 14 ஆகிவிட்டது. என் மனம் மாறவில்லை, இடரேற்பும் அதேதான். கலவையை மாற்ற வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் ஆறுதலாக வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். இங்கேதான் நன்கு படித்தவர்களும் தவறுகிறார்கள்.

பங்கின் எதிர்பார்ப்பு 17%-லேயே நிற்கிறது என்று வைப்போம். மேலதிக வருவாய் 3%, படித்திறன் 0.125. கோட்டின் இடது முனை உயர்ந்துவிட்டது, கோடு கிட்டத்தட்டத் தட்டையாகிவிட்டது.

முதலில் நட்ட எல்லை வழி. 14 + 0.125s − 1.65s = −10 என்று போட்டால் s = 15.74, பங்குக்கு 65.6%. அதாவது 32.8 இலட்சம். முன்னர் இருந்ததைவிடக் கூட!

இப்போது A வழி. 0.03 ÷ (2.66 × 0.0576) = 19.6%. அதாவது 9.8 இலட்சம்.

ஒரே ஆள், ஒரே காசு, ஒரே சந்தை. ஒரு வழி கூட்டச் சொல்கிறது, மற்றது மூன்றில் ஒன்றாகக் குறைக்கச் சொல்கிறது. ஏன்? நட்ட எல்லை வழி கேட்பது "எவ்வளவு இடரைத் தாங்க முடியும்?" என்று மட்டுமே. உண்டியல் 14% தரும்போது மெத்தை தடிப்பாகிறது, ஆகவே இன்னும் உயரத்திலிருந்து விழலாம் என்கிறது. A வழி அதோடு சேர்த்து "அந்த இடருக்கு என்ன கூலி?" என்றும் கேட்கிறது. கூலி 9%-லிருந்து 3%-க்கு இறங்கிவிட்டது.

எது சரி என்று பார்க்க, ஒவ்வொரு கலவைக்கும் சமமான உறுதி வருவாயை, அதாவது இடரே இல்லாமல் எவ்வளவு கிடைத்தால் அந்தக் கலவைக்கு ஈடாகும் என்பதை, கணக்கிடலாம். எதிர்பார்க்கும் வருவாயிலிருந்து A × σ² இன் பாதியைக் கழிக்க வேண்டும், இங்கே σ அந்தக் கலவையின் நியம விலகல். 65.6% கலவைக்கு அது ஏறக்குறைய 12.7%. 19.6% கலவைக்கு 14.3%. முழுக் காசையும் உண்டியலில் போட்டிருந்தாலே 14%. ஆக, நட்ட எல்லை வழி காட்டிய கலவை, அவருடைய சொந்த அளவுகோலின்படியே, ஒரு பங்கும் வாங்காமல் இருப்பதைவிடக் கெட்டது.

ஆகவே நாங்கள் சொல்வது இது. நட்ட எல்லையை A-யைக் கண்டுபிடிக்க ஒரு தடவை பயன்படுத்துங்கள். அதன் பிறகு கலவையைச் சூத்திரமே சொல்லட்டும். நட்ட எல்லையைத் தாண்டக்கூடாத கூரையாக மட்டும் வைத்திருங்கள். இரண்டு விடையில் எது சிறியதோ அதுதான் உங்கள் விகிதம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உண்டியல் வட்டி ஏறும்போது பங்கு விலைகள் வழமையாக இறங்கும். இறங்கிய விலையில் வாங்குபவருக்கு முன்னோக்கிய வருவாய் 17%-க்கு மேல் போகலாம். மேலதிக வருவாய் 9%-லேயே நின்றால் கலவையும் 58.8%-லேயே நிற்கும். மாறியது வட்டி மட்டுமா, இடைவெளியுமா என்பதே பார்க்க வேண்டியது.

2022 இறுதியில் உண்டியல் 30%-க்கு மேல் போனது. சூத்திரத்தில் போட்டால் மறை எண் வருகிறதே?

17 − 30 = −13, எனவே y மறை. எழுத்துக்கு எழுத்து எடுத்தால் பங்குகளை இரவல் வாங்கி விற்கச் சொல்கிறது. அப்படி ஒரு விடை வந்தால் பிழை சூத்திரத்தில் இல்லை, உள்ளே போட்ட 17-ல் இருக்கிறது. பல வருடச் சராசரியை எடுத்து, அதிலிருந்து இன்றைய வட்டியைக் கழித்திருக்கிறீர்கள். பழைய சராசரி, சில சதவீதப் பணவீக்கம் இருந்த காலத்தினது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70%. இரண்டையும் ஒரே கழித்தலில் வைக்க முடியாது.

எல்லாரும் பங்கை விற்க முடியாது, யாரோ ஒருவர் அதை வைத்திருக்கத்தான் வேண்டும். விலை இறங்கி, எதிர்பார்க்கும் வருவாய் மீண்டும் வட்டிக்கு மேலே வரும்வரை சந்தை சரியும். அதனால் கடந்த ஒவ்வொரு வருடத்திலும் பங்கு வருவாயிலிருந்து அந்தந்த வருடத்து உண்டியல் வீதத்தைக் கழித்து, கிடைக்கும் இடைவெளிகளின் சராசரியை எடுங்கள். இன்றைய வட்டியோடு அந்த இடைவெளியைக் கூட்டுவது, பழைய மொத்தத்திலிருந்து இன்றைய வட்டியைக் கழிப்பதைவிட மிகவும் நம்பத்தகுந்தது.

இலங்கைத் திறைசேரி உண்டியலை "இடரற்றது" என்று சொல்லலாமா? நாடு கடன் கட்டாமல் விட்டதே.

2022 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு. 2023-ல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது மத்திய வங்கி வைத்திருந்த உண்டியல்கள் மாற்றப்பட்டன, ஓய்வூதிய நிதியங்களின் திறைசேரி முறிகள் புதிய முறிகளாகப் பரிமாறப்பட்டன. பொதுமக்கள் கையில் இருந்த உண்டியல்கள் தொடப்படவில்லை. ரூபாயில், ஒரு வருடத்துக்குள், எழுதிய தொகை வரும் என்ற பொருளில் அதைக் கோட்டின் இடது முனையாக வைக்கலாம். பொருள் வாங்கும் சக்தி காப்பாற்றப்படும் என்ற பொருளில் அல்ல. அதற்கு 2022 போதுமான சாட்சி.

நிலையான வைப்பை அந்த இடத்தில் வைப்பவர்கள், வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட தொகைக்கு நீங்கள் அந்த நிறுவனத்தின் இடரை ஏற்கிறீர்கள்.

உங்கள் கணக்கு ஒரு வருடத்துக்கானது என்றால் 364 நாள் வீதத்தையே போடுங்கள். 91 நாள் உண்டியலை எடுத்தால் மூன்று தடவை புதுப்பிக்க வேண்டும், அந்த நாளில் வீதம் என்னவாக இருக்கும் என்று இன்று தெரியாது. வரியையும் கழியுங்கள்: 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10% பிடித்துக்கொள்ளப்படுகிறது, ஆனால் அது இறுதி வரி அல்ல. 36% படிநிலையில் இருப்பவருக்கு 8% என்பது கையில் 5.12%தான். பங்குப் பக்கத்திலும் வரிக்குப் பின்னான எண்ணையே வைத்தால்தான் ஒப்பீடு நேர்மையாகும்.

எனக்குத் தெரிந்த நல்ல கம்பனிகள் மூன்றின் பங்குகளே போதாதா? ஏன் முழுச் சந்தை?

மூன்று பங்கின் நியம விலகல் 36% என்றும், எதிர்பார்க்கும் வருவாய் அதே 17% என்றும் வைப்போம். படித்திறன் 0.375-லிருந்து 0.25 ஆகிறது. நீங்கள் தாங்கக்கூடிய 14.12% இடரிலேயே நின்றால், பங்குக்கு 39% மட்டும் வைக்கலாம், எதிர்பார்க்கும் வருவாய் 11.5%. சந்தைப் பொதியில் அதே இடருக்கு 13.3%. வித்தியாசம் 50 இலட்சத்துக்கு வருடம் ஏறக்குறைய 88,000 ரூபாய். பரப்பி வாங்கினால் இலவசமாக நீங்கக்கூடிய இடருக்குச் சந்தை கூலி கொடுப்பதில்லை.

கொழும்பில் முழுச் சந்தையை வாங்குவது எளிதல்ல என்பது உண்மை. சுட்டியில் பெரிய நிறை சில கம்பனிகளுக்கே இருக்கிறது, சிறிய பங்குகள் நாட்கணக்கில் கைமாறாமலும் கிடக்கும். பல துறைகளில் பரவிய 12 முதல் 15 பங்குகள், அல்லது ஒரு பங்கு அலகு நம்பிக்கை நிதியம், நடைமுறையில் போதிய அளவு நெருங்கும். நிதியத்தின் முகாமைக் கட்டணத்தை 17-லிருந்து கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

24% நியம விலகலை நான் எப்படிக் கணிப்பது? எக்செல்லில் போட்டால் y = 0.006 என்று வருகிறது.

இரண்டாவது முதலில். சதவீதத்தை 9, 24 என்றே போட்டிருக்கிறீர்கள். 9 ÷ (2.66 × 576) = 0.0059. நியம விலகல் வர்க்கிக்கப்படுவதால் விடை சரியாக 100 மடங்கு சிறுத்துவிடுகிறது. 0.09, 0.24 என்று போட்டால் 0.587 வரும். 1%-க்கும் கீழே ஒரு விடை வந்தால் முதலில் இதையே சந்தேகியுங்கள்.

நியம விலகலுக்கு மாதாந்தத் தரவை எடுங்கள். கைமாறாத பங்குகளின் பழைய விலையே சுட்டிக்குள் தொடர்ந்து இருப்பதால் நாளாந்தத் தரவில் சந்தை உண்மையில் இருப்பதைவிட அமைதியாகத் தெரியும். 60 மாத வருவாய் C நிரலில் இருந்தால்:

```
=STDEV.S(C3:C62)*SQRT(12)
```

சராசரி வருவாயைக் கணிக்க அனைத்துப் பங்கு விலைச் சுட்டியைப் பயன்படுத்தாதீர்கள். அதில் பங்கிலாபம் இல்லை. பங்கிலாபத்தையும் சேர்த்த மொத்த வருவாய்ச் சுட்டியே பொருத்தம்.

17% என்பதில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம்?

குறைவாகவே. 25 வருடத் தரவு இருந்தாலும் சராசரியின் நியம வழு 24 ÷ 5 = 4.8%. மேலதிக வருவாய் 9% என்று சொன்னால், 4.2 முதல் 13.8 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று பொருள். A = 2.66-ல் அந்த இரண்டு முனைகளும் 27% என்றும் 90% என்றும் விடை தருகின்றன. 58.8 என்பதன் புள்ளிக்குப் பின்னால் உள்ள 8-க்கு ஒரு பெறுமதியும் இல்லை. 50 அல்லது 55 என்று கீழ்நோக்கி முழுமையாக்குங்கள். சந்தேகம் இருக்கும்போது கீழே தவறுவது நல்லது: சரியான y-யைவிட இரண்டு மடங்கு வைத்தால் இடருக்காகக் கிடைத்த நன்மை முழுவதும் போய் உண்டியல் மட்டத்துக்கே வந்துவிடுவீர்கள். பாதி வைத்தால் அந்த நன்மையில் நாலில் மூன்று இன்னும் கையில் இருக்கும்.

செவ்வன் பரம்பலையும் மிகைப்படுத்தி நம்பாதீர்கள். எங்கள் கணக்கில் 20 வருடத்துக்கு ஒன்றான மோசமான வருடம் பங்குக்கு −22.6%. 2022-ல் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி சுமார் 30% விழுந்தது. அப்படி ஒரு வருடத்தில் 29.4 இலட்சத்தில் 8.8 இலட்சம் போகும், உண்டியல் 1.65 இலட்சம் தரும், நிகர நட்டம் 7 இலட்சத்துக்கு மேல். 5 இலட்சம் என்ற எல்லை உண்மையிலேயே உடைக்க முடியாதது என்றால் (உதாரணமாக அந்தக் காசு பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணம் என்றால்) 1.65-க்குப் பதில் 2 போடுங்கள். s = 11.1, பங்குக்கு 46%.

எனக்குப் பயம் குறைவு. கடன் வாங்கி 100%-க்கு மேல் போகலாமா?

பாடநூலில் கோடு சந்தைப் புள்ளிக்கு அப்பாலும் நேராகவே போகும். அது நீங்கள் அரசாங்கத்தின் வட்டிக்கே கடன் வாங்குவீர்கள் என்ற எடுகோள். பங்குத் தரகர் வழியாக எடுக்கும் கடனுக்கு 14% என்றால், சந்தைப் புள்ளியில் கோடு முறிந்து, அப்பால் 0.125 படித்திறனில்தான் போகும். கடன் வாங்குவது பொருந்துவது A 0.52-க்குக் கீழே இருப்பவருக்கு மட்டுமே. A 0.52-க்கும் 1.56-க்கும் இடையில் என்றால் விடை சரியாக 100%, கடனும் இல்லை, உண்டியலும் இல்லை. 0.52 என்பது எவ்வளவு குறைவு என்றால், மேலே 5 இலட்சம் என்று சொன்னவரின் ஐந்தில் ஒன்று. அதோடு விலை விழும்போது தரகர் மேலதிகக் காசு கேட்பார், கட்டாவிட்டால் அடிவிலையில் விற்றுவிடுவார். அந்த இழப்பு சூத்திரத்தில் எங்கும் இல்லை.

மோசமான வருடம் வந்தேவிட்டது. இப்போது என்ன செய்வது?

பங்கு 22.6% விழுந்தால் 29.4 இலட்சம் 22.76 ஆகிறது. உண்டியல் முதிர்ந்து 22.25 இலட்சம் வருகிறது. மொத்தம் 45 இலட்சம், நட்டம் நீங்கள் ஒப்புக்கொண்ட 5 இலட்சமேதான். ஆனால் பங்கின் விகிதம் 50.6%-க்கு இறங்கிவிட்டது.

உடனே 58.8-க்கு நிரப்ப ஓடாமல், முதலில் y-யைப் புதிதாகக் கணியுங்கள். அன்றைய 364 நாள் வீதம், அன்றைய இடைவெளி, எழுதி வைத்த அதே A. விடை மீண்டும் 58.8 என்றால் முதிர்ந்த காசில் 3.7 இலட்சத்துக்குப் பங்கு வாங்க வேண்டும். கொழும்பில் கொள்வனவுக்குக் கட்டணமும் வரியும் சேர்ந்து 1.12%, அதாவது ஏறக்குறைய 4,150 ரூபாய். விலகல் 5 புள்ளிக்குள் இருந்தால் தொடாமல் விடுங்கள். இங்கே 8 புள்ளி விலகியிருக்கிறது, கட்டணத்தைக் கட்டித் திருத்துவது பொருந்தும். விடை 40 என்று வந்தால், விழுந்த விலையாக இருந்தாலும் விற்றுக் குறைக்க வேண்டியிருக்கும். வாங்கிய விலை என்ன என்பது இந்தச் சூத்திரத்தில் எந்த இடத்திலும் வருவதில்லை.